வெள்ளைச் சீருடையும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும்



இந்த மாதம் உங்களோடு ஒரு கறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்பிட்டிப் பக்கமோ பாலாவிப் பக்கமோ குழாய்க்கிணறு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போயிருந்தால் நீங்களும் இதைக் கண்டிருப்பீர்கள். தண்ணீர் எடுக்கும்போது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். ஒரு வாளியில் பிடித்து வைத்துவிட்டு அடுப்படி வேலையை முடித்து வந்து பார்த்தால் மஞ்சளாகிக் கிடக்கும். அடுத்த நாள் வாளியின் அடியில் செம்மண் கரைத்தது போல ஒரு மண்டி படிந்திருக்கும். மலசலகூடக் கோப்பையில் செந்நிறக் கோடு, குழாய் வாயின் கீழே செந்நிறத் தடம், சோறு வடித்த பானையிலும் ஒரு மங்கல். தேநீர் ஊற்றினாலோ மை போலக் கறுத்துப் போகும்.

எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்து இறங்கியது. அப்போது நான் சின்னப் பிள்ளை. ஓலைக் கொட்டில்களில் இருந்த காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திறந்த கிணறுதான். அதில் வரிசையில் நின்று தண்ணீர் அள்ளினோம். அந்தத் தண்ணீர் கொஞ்சம் சவராக இருந்தது, ஆனால் உடுப்பில் கறை பிடித்ததாக உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு ஆளுக்கொரு துண்டுக் காணி, சீமெந்துக் கல் வீடு, வீட்டுக்கொரு குழாய்க்கிணறு, மோட்டர் என்று வந்தது. தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டோம். கறையும் அதோடுதான் வந்தது.

எனக்கு இந்த விசயத்தைப் படிக்க வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா. யுத்த காலத்தில் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகளையும் தையல் மெசினை வைத்தே வளர்த்தார். பாடசாலை தொடங்க முன்னர் அரசாங்கம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியைத் தாய்மார் கொண்டுவந்து அவரிடம்தான் கொடுப்பார்கள். பருத்தித் துணி பிறகு சுருங்கிவிடாமல் இருக்க வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போடுவது அவர் வழக்கம். முன்பு பொதுக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தார். அந்த வருடம் தன் வீட்டுக்குப் புதிதாக இறக்கிய குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் 11 பிள்ளைகளின் துணியை நனைத்தார்.

காய்ந்த துணியில் இலேசாக மஞ்சள் தட்டியிருந்தது. ராத்தா பயந்துபோய்க் கடையில் பிளீச் திரவம் வாங்கி ஊற்றி ஒரு மணி நேரம் ஊற வைத்தார். எடுத்துப் பார்த்தால் இலேசான மஞ்சள் போய் நல்ல செம்மஞ்சளாகி, திட்டுத் திட்டாக உறைந்து கிடந்தது.

"தங்கச்சி, வெள்ளையாக்கிற மருந்துதானே போட்டேன், எப்படி இன்னும் சிவந்து போச்சு? ஊர்ப் புள்ளையளுட துணி, நான் எங்க போய் வாங்கிக் கொடுக்கிற?" என்று அழுதார். கடைசியில் 11 பேருக்கும் தன் கைக்காசில்தான் துணி வாங்கிக் கொடுத்தார். அந்த மாதம் அவர் தைத்த கூலி முழுவதும் அதற்கே போனது.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, நாங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம்முடைய கரையோர மணலிலே இயற்கையாகவே இரும்பு இருக்கிறது. மணிகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். காற்றுப் படுகிற இடத்தில் அது கறளாகவே ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரில் கரையாது. ஆனால் நிலத்தின் கீழே, களப்புச் சேறும் மக்கிய இலைதழையும் கலந்திருக்கிற படைகளில், உக்குகிற அந்தப் பொருட்கள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை எல்லாம் தின்று தீர்த்துவிடும். ஒட்சிசன் இல்லாத தண்ணீரில் அந்தக் கறள் வேறு நிலைக்கு மாறி, உப்புக் கரைவது போலக் கரைந்துவிடும். கரைந்த பிறகு அதற்கு நிறமில்லை. அதனால்தான் தண்ணீர் தெளிவாக வெளியே வருகிறது. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஒட்சிசன் மீண்டும் அதில் சேர்கிறது. கரைந்திருந்த இரும்பு பழையபடி கறளாகி, முதலில் மஞ்சளாகவும் பிறகு செம்மண்டியாகவும் தெரிகிறது.

திறந்த கிணற்றில் ஏன் கறை வரவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். அந்தக் கிணற்றின் வாய் அகலமானது, தண்ணீரின் முகத்தில் எந்நேரமும் காற்றுப் படுகிறது. அள்ளும்போது வாளி விழுந்து கலக்குகிறது. இரும்பு இருந்தாலும் கிணற்றுக்குள்ளேயே கறளாகி அடியில் படிந்துவிடும். அத்தோடு அது மேல்மட்டத்துத் தண்ணீர். குழாய்க்கிணறோ இன்னும் கீழே போய், காற்றைக் காணாத தண்ணீரை மூடிய குழாயால் நேரே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. காற்றை அது முதன்முதலில் காண்பது உங்கள் வாளியில், அல்லது உங்கள் துணியின் இழைக்குள்.

துணியில் நடப்பது இதுதான். தெளிந்த தண்ணீரோடு கரைந்த இரும்பு நூலுக்குள் புகுந்துவிடுகிறது. துணி காயும்போது காற்றுப் பட்டு நூலுக்குள்ளேயே கறளாகிறது. சவர்க்காரத் தூளில் உள்ள காரம் இந்த மாற்றத்தை விரைவாக்கும். பிளீச் இன்னும் விரைவாக்கும். ஏனென்றால் பிளீச் செய்கிற வேலையும் ஒட்சிசன் செய்கிற வேலையும் ஒன்றுதான். பூவின் சாயத்தையும் தேநீர்க் கறையையும் அது வெளுக்கச் செய்யும், ஆனால் இரும்பைக் கறளாக்கிவிடும். ராத்தா துணியில் மிஞ்சியிருந்த இரும்பு முழுவதையும் ஒரே மணி நேரத்தில் கறளாக்கி உறையவைத்தது அந்த மருந்துதான். இரும்புத் தண்ணீரில் வெள்ளைத் துணிக்கு பிளீச் போடவே கூடாது என்பதை அன்று படித்துக்கொண்டோம்.

சிலர் கேட்பார்கள், இன்னும் ஆழமாக இறக்கினால் இரும்பு போகாதா என்று. நம்முடைய இடம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள மணல் திட்டு. இங்கே நல்ல தண்ணீர் என்பது மழையால் ஊறி, உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிற ஒரு படை. அதைத் துளைத்துக் கீழே போனால் உப்புத்தான் வரும். உப்பை எடுக்க வீட்டில் எளிதான வழியில்லை. இரும்பை எடுக்க வழியுண்டு. ஆகவே இரும்புத் தண்ணீர் கிடைத்தவர்கள் அதை வைத்துக்கொண்டு சுத்தம் செய்வதுதான் புத்தி.

நாங்கள் வடிகட்டி செய்த கதைக்கு வருகிறேன். முதல் முயற்சி பிழைத்துவிட்டது. அது ஏன் பிழைத்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

கடையொன்றில் கரி அடைத்த சிறிய வடிகட்டி ஒன்றை வாங்கிக் குழாயில் பூட்டினோம். ஒரு மாதம் போகமுன் சிவப்புச் சேறு அடைத்துத் தண்ணீர் நூலாக வந்தது. அது குறைந்த அழுக்குள்ள தண்ணீருக்குச் செய்த சாமான். பிறகு ஒரு பரலில் மணலைக் கொட்டி, மோட்டர்க் குழாயை நேரே அந்த மணலுக்குள் விட்டோம். அடியில் தெளிந்த தண்ணீர் வந்தது. ராத்தா சந்தோசத்தோடு தேநீர் ஊற்றினார். தேநீர் முன்னைப் போலவே கறுத்தது!

காரணம் இதுதான். மணல் ஒரு சல்லடை. மண்டியைப் பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. சீனி கரைத்த தண்ணீரைச் சீலையில் வடித்தால் சீனி நிற்குமா? கரைந்த இரும்பும் அப்படியே மணலுக்குள்ளால் போய்விடுகிறது. ஆகவே முதலில் காற்றுக் கொடுத்து இரும்பைக் கறளாக்க வேண்டும். அடுத்து அந்தக் கறள் திரண்டு படிய நேரம் கொடுக்க வேண்டும். கடைசியாகத்தான் மணல். காற்று, நேரம், மணல் என்ற இந்த ஒழுங்கை மாற்றினால் வேலை நடக்காது.

எங்கள் தண்ணீரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்தோம். ஓர் இலீற்றரில் 2.8 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகத் துண்டில் எழுதித் தந்தார்கள். இலங்கையின் குடிநீர்த் தரத்தின்படி 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவு நோயை நினைத்து வைத்ததல்ல. அதற்கு மேல் போனால் ருசியும் கறையும் தெரியத் தொடங்கும் என்பதால் வைத்தது. 2.8 என்பது அதைப்போல ஒன்பது மடங்கு. அந்த அளவு இரும்பைக் கறளாக்க அரை மில்லிகிராம் ஒட்சிசன்கூடத் தேவையில்லை. காற்றில் நன்றாக அடிபட்ட தண்ணீரில் ஏழெட்டு மில்லிகிராம் ஒட்சிசன் சேரும். ஆகவே மின்சார ஊதியொன்றும் வேண்டாம், தண்ணீர் மழை போல விழுந்தாலே போதும்.

இரண்டாம் முறை இப்படிச் செய்தோம். 200 இலீற்றர் பிளாஸ்டிக் பரல் இரண்டு எடுத்தோம். வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். சாப்பாட்டுச் சாமான் இருந்த பரல் வேண்டும். கிருமிநாசினியோ பெயின்றோ இருந்த பரல் எவ்வளவு கழுவினாலும் கூடாது.

முதலாவது பரலைச் சீமெந்துக் கல் அடுக்கி உயரத்தில் வைத்தோம். அதற்கு மேலே ஒரு மரச் சட்டம் அடித்து, இரண்டு பிளாஸ்டிக் பேசின்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஓர் அடி இடைவெளி விட்டு வைத்தோம். பேசின்களின் அடியில் ஆணியைச் சூடாக்கி விரல் அகலத்துக்கு ஒரு துளையாக நிறையத் துளைகள் போட்டோம். மோட்டர்த் தண்ணீர் மேல் பேசினில் விழுந்து, மழையாகக் கீழ்ப் பேசினில் இறங்கி, மறுபடியும் மழையாகப் பரலில் விழுகிறது. சுற்றிவர நுளம்பு வலை கட்டினோம். வலை காற்றை விடும், நுளம்பை விடாது. பரலை இறுக்கி மூடக் கூடாது.

அந்தப் பரலில் தண்ணீர் இரவு முழுக்க நிற்கும். எங்கள் தண்ணீர் புளிப்புத் தன்மை இல்லாதது. கடற்சிப்பித் தூள் கலந்த மணலுக்குள் கிடக்கிற தண்ணீர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் இரும்பு ஒரு மணி நேரத்துக்குள் கறளாகிவிடுகிறது. அது திரண்டு கீழே இறங்கத்தான் கூடுதல் நேரம் தேவை. பரலின் அடியிலிருந்து அரை அடி உயரத்தில் குழாய் பூட்டியிருக்கிறோம். மண்டி அதற்குக் கீழே தங்கிவிடும், மேலேயுள்ள தண்ணீர் மாத்திரம் அடுத்த பரலுக்குப் போகும். அடியில் இன்னொரு அடைப்பு வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மண்டியைத் திறந்து தென்னை அடியில் விடுகிறோம்.

இரண்டாவது பரல் மணல் பரல். அடியில் துளையிட்ட குழாய் ஒன்று. அதைச் சுற்றியும் மேலும் அரை அடிக்குக் கழுவிய சல்லிக்கல். அதற்கு மேல் இரண்டு அங்குலம் பருமணல். அதற்கு மேல் 20 அங்குலம் வடிமணல். இந்த மணலில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கடற்கரை மணல் வாசலிலேயே கிடக்கிறதே என்று அள்ளிப் போடுவார்கள். அது மிக நுண்மையானது, இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும், உப்பும் இருக்கும். கட்டட வேலைக்கு வருகிற ஆற்று மணலை எடுங்கள். நுளம்பு வலையில் அரியுங்கள். வலையில் தங்குவது பருமணல், அதைக் கீழ்ப்படைக்கு வையுங்கள். வலையால் விழுந்ததை வாளியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தண்ணீர் தெளிந்து வரும்வரை, பத்துத் தடவையானாலும், இதைச் செய்யுங்கள்.

வெளியே வருகிற குழாயை அடியிலிருந்து வளைத்து மேலே ஏற்றி, மணலின் மேல்முகத்தைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் தண்ணீர் விழும்படி செய்தோம். இதனால் மணல் ஒருநாளும் காயாது, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். உள்ளே விழுகிற தண்ணீர் மணலைக் குழி தோண்டாமல் இருக்க ஒரு பழைய பீங்கானை மணலின் மேல் வைத்தோம். முதல் பரலின் குழாயைத் திருகி, 20 இலீற்றர் வாளி நிறையப் பத்து நிமிடம் எடுக்கும்படி ஓட்டத்தை வைத்தோம். அவசரப்பட்டு வேகமாக விட்டால் கறளும் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முதல் நாள் வந்த தண்ணீர் எங்களை ஏமாற்றியது. இலேசான மஞ்சள் இன்னும் இருந்தது. இது குறையல்ல, புது மணல் அப்படித்தான். சில நாள் ஓடியதும் மணல்மணிகளின் மேல் கறள் மெல்லிய பூச்சாகப் பிடிக்கும். அந்தப் பூச்சே தண்ணீரில் மிஞ்சியிருக்கிற கரைந்த இரும்பைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பழகிய தோசைக்கல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பரல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்தது. அதற்குப் பிறகு மறுபடி பரிசோதித்தபோது துண்டில் 0.2 என்று இருந்தது.

மணல் பழகியதால் அதைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும். செங்கபிலமாகிவிட்டதே என்று ஒரு சகோதரி தன் பரல் மணலை எல்லாம் எடுத்துப் பளிச்சென்று வெள்ளையாகக் கழுவிப் போட்டார். மறுபடியும் இரண்டு வாரம் மஞ்சள் தண்ணீர்தான். மணலின் நிறத்தைப் பார்த்துக் கழுவ வேண்டாம், ஓட்டத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்த வாளி இருபது நிமிடம் எடுக்கத் தொடங்கினால் மேலே சேறு அடைத்துவிட்டது என்று பொருள். வெளிக்குழாயை மூடிவிட்டு, மணலின் மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்போது, மேல் இரண்டு அங்குல மணலைக் கையால் கிளறி, கலங்கிய தண்ணீரைக் கோப்பையால் அள்ளி ஊற்றுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் போதும். கீழ் மணலைத் தொட வேண்டாம்.

எவ்வளவு சேறு வரும் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு 200 இலீற்றர் வடிக்கிறோம். 2.8 மில்லிகிராம் வீதம் அதில் 560 மில்லிகிராம் இரும்பு. கறளாகிக் காய்ந்தால் ஒரு கிராம் அளவு வரும். மாதத்துக்கு 30 கிராம். கேட்கச் சிறிதுதான், ஆனால் ஈரத்தில் அது பஞ்சு போல ஊதிப் பெருத்து ஒரு பாத்திரம் நிறையக் கிடக்கும். இவ்வளவும் முன்பு நம்முடைய துணியிலும் தாங்கியிலும் கோப்பையிலும்தான் படிந்துகொண்டிருந்தது.

ஆய்வுகூடத்துக்கு அடிக்கடி போக நம்மால் முடியாது. வீட்டிலேயே பார்க்கத் தேயிலை போதும். சாயத் தேநீரை ஆறவிட்டு, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரையும் மற்றதில் வடித்த தண்ணீரையும் விடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். பழைய காலத்து எழுதும் மை அப்படித்தான் செய்யப்பட்டது. வடித்த தண்ணீர்க் குவளை கறுக்காமல் செந்நிறமாகவே இருந்தால் வடிகட்டி வேலை செய்கிறது. மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

செய்யத் தொடங்க முன்னர் உங்கள் தண்ணீர் எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். தெளிவாக வந்து பிறகு மண்டியானால் நான் சொன்ன முறை சரி. எடுக்கும்போதே சிவப்புத் தூளோடு வந்தால் குழாயோ தாங்கியோ கறள் பிடித்திருக்கலாம், அதை முதலில் பாருங்கள். எடுக்கும்போதே மங்கலான தேநீர் நிறத்தில் வந்து, இரண்டு நாள் வைத்தும் மண்டி படியாவிட்டால் அங்கே இரும்பு மக்கிய இலைதழையின் சாற்றோடு பிணைந்திருக்கிறது. அதற்குக் காற்று மட்டும் போதாது. ஆய்வுகூடத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தாங்கிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான பசை கண்டால் அது இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர். அதனால் உடம்புக்குக் கேடு என்று பயப்பட வேண்டாம், ஆனால் குழாயை அடைக்கும், நாறும். தாங்கியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஏற்கெனவே பிடித்த கறைக்கு என்ன செய்வது? கறளைக் கரைப்பது புளிப்பு. தேசிக்காய்ச் சாற்றில் உப்புக் கலந்து கறையில் தடவி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, வடித்த தண்ணீரில் அலசுங்கள். புதுக் கறை ஒன்றிரண்டு தடவையில் போகும். பழைய கறைக்குப் பல தடவை வேண்டும். குழாய் வாயில் பிடித்த கறைக்கு வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். ஒன்றை மாத்திரம் மறக்க வேண்டாம்: தேசிக்காய், வினாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலம் எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இந்தப் பரல் என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சவரை எடுக்காது. கிருமியை முழுவதும் எடுக்காது. ஆகவே குடிக்கிற தண்ணீரை வடித்த பிறகும் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். இன்னொன்று, கல்பிட்டித் தீபகற்பத்தில் தோட்டங்களுக்குப் போடுகிற பசளையிலிருந்து நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்குவதை ஆய்வாளர்கள் 1980களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கு நிறமுமில்லை, ருசியுமில்லை. மணலும் எடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. கொதித்து வற்றினால் கூடத்தான் செய்யும். நைத்திரேற்று அதிகமுள்ள தண்ணீரில் பெரும்பாலும் இரும்பு கரைந்திருக்காது. ஆகவே எங்கள் கிணற்றில் கறையில்லை, நல்ல தண்ணீர் என்று நினைத்திருக்கிற சகோதரிகள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெங்காயத் தோட்டத்துக்கோ மலசலகூடக் குழிக்கோ பக்கத்தில் உங்கள் கிணறு இருந்தால், பால்குடிப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைக்க முன்னர் ஒருமுறை நைத்திரேற்றுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ராத்தாவின் முற்றத்தில் இப்போது இரண்டு பரல்கள் நிற்கின்றன. துணி நனைக்க வடித்த தண்ணீர், முற்றம் தெளிக்கக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கிறார். அதன் பிறகு வந்த தவணைக்கு மறுபடியும் தாய்மார் சீருடைத் துணியோடு வந்தார்கள். ராத்தா முதலில் ஒரு சின்ன வெட்டுத்துண்டை நனைத்துக் காயப்போட்டுப் பார்த்தார். அது வெள்ளையாகவே காய்ந்த பிறகுதான் மற்றத் துணிகளை நனைத்தார். இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறார்.

"ஒருக்கா பட்ட நான் தங்கச்சி, துண்டு சொல்லாம நான் துணிய நனைக்க மாட்டேன்" என்கிறார்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் போத்தலில் என்ன நிறம் காட்டியது, தேநீர் கறுத்ததா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.